முப்பது இரவுகள், ஒரே ஒரு போன்

அன்புள்ள செண்பகம்,

இதை டீம் குரூப்பில் இரண்டு வரி போட்டு, கைதட்டும் படம் ஒன்றும் சேர்த்து முடித்திருக்கலாம். அப்படிப் போட்டால் அது அன்று மாலைக்குள் மேலே போய் மறைந்துவிடும். அதனால்தான் தனியாக எழுதுகிறேன். நம் டீமில் எல்லோருக்கும், எனக்கு மேலே இருப்பவர்களுக்கும் இதன் பிரதி போகிறது.

செப்டம்பர் 28 ஞாயிறு இரவு தொடங்கி நவம்பர் 7 வெள்ளி காலை வரை, தென்காசியில் உங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து 30 இரவுகள் நைட் ஷிஃப்ட் பார்த்தீர்கள். அந்த இருக்கையில் இருந்த இருவரில் ஒருவர் பிரசவ விடுப்பில் போனார், இன்னொருவர் வேறு வேலை கிடைத்துப் போனார். "ரெண்டு வாரம் மட்டும் பாத்துக்கோங்க" என்று உங்களிடம் கேட்டது நான். இரண்டு ஆறானதற்கு ஆள் எடுப்பதில் நான் காட்டிய மெத்தனமும் ஒரு காரணம். பாராட்டுக் கடிதத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் அது பாதிக் கடிதம்.

டே ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. இரவு 11:30 முதல் காலை 7:30 வரை என்பதை நாங்கள் ஏதோ யோசித்து வைத்ததாக நினைக்கிறார்கள். ஆக்லாந்து குளிர்பதனக் கிடங்கில் காலை 7 மணிக்குக் கதவு திறக்கும்போது இங்கே முந்தின இரவு 11:30. அதே நேரம் சியாட்டிலில் முற்பகல் 11. இரண்டு ஊருக்கும் ஒருவரே ஈடுகொடுக்க வேண்டுமானால் உடம்பு தூங்கக் கேட்கும் இந்த எட்டு மணி நேரம்தான் கிடைக்கும். உங்கள் டேஷ்போர்டில் இடது பக்கம் வியாழன், வலது பக்கம் புதன். எந்தக் கிழமையில் இருக்கிறோம் என்பதே அதிகாலை 4 மணிக்குக் குழம்பிவிடும். நான் அந்த ஷிஃப்ட்டில் ஒரு வருஷம் இருந்தவன், தெரியும்.

அக்டோபர் கடைசியில் ஒரு மழை இரவு. 1:40க்குக் கரண்ட் போயிருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, ஆனால் ரவுட்டர் அதில் இல்லை. சரியாக அந்த நேரத்தில்தான் ஆக்லாந்தில் லேபிள் பிரிண்ட் ஆகாமல் நின்றது. அங்கே காலை 9:10, பால் பொருள் ஏற்ற லாரிகள் வரிசையில். நீங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, சிக்னல் கிடைக்கும் திண்ணைக்கு லேப்டாப்போடு போய், குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று தாழ்ந்த குரலில், அங்கிருந்த சூப்பர்வைசரை ஒவ்வொரு படியாக நடத்திப் பிரிண்ட் வரிசையைக் காலி செய்ய வைத்திருக்கிறீர்கள். 26 நிமிஷம். அந்த அழைப்பின் பதிவைப் பிறகு கேட்டேன். நடுவில் அவர், "அது என்ன சத்தம், உங்கள் பக்கம் ஏதாவது அலாரம் அடிக்கிறதா?" என்கிறார். நீங்கள் சற்றும் அசராமல், "தவளை, மழை பெய்கிறது. இப்போது இரண்டாவது பட்டனை அழுத்துங்கள்" என்கிறீர்கள். நான் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் அந்த இரவு இப்படி ஒன்று நடந்ததே எனக்குத் தெரியாது. காலையில் உங்கள் ஹேண்ட்ஓவர் குறிப்பில் "கரண்ட் இல்லை, ஹாட்ஸ்பாட்டில் முடிந்தது" என்று ஒரே வரி.

அந்தக் குறிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்ன செய்தோம், என்ன பாக்கி என்று எழுதுவது எல்லோருக்கும் பழக்கம். நீங்கள் மூன்றாவதாக "தொடாதது" என்று ஒரு தலைப்பு வைத்தீர்கள். "சியாட்டில் சர்வரில் டிஸ்க் 81 சதவீதம். பார்த்தேன், தொடவில்லை. பழைய லாக் எதை நீக்கலாம் என்று பகலில் கேட்டுச் செய்யவும்." காலையில் வருபவர் எதையும் துப்பறிய வேண்டியதில்லை. இப்போது பகல் ஷிஃப்ட்டிலும் அந்தத் தலைப்பு வந்துவிட்டது. யார் தொடங்கியது என்று புதிதாக வருபவர்களுக்குத் தெரியட்டும்.

முப்பது இரவுகளில் நீங்கள் என்னை எழுப்பியது ஒரே ஒரு முறை. அக்டோபர் 31, வெள்ளி காலை 5:10. எது விழுந்தது என்று பதறி எடுத்தேன். எதுவும் விழவில்லை. "ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால வைக்கிறாங்க. பில் அனுப்புற வேலை உள்ளூர் நேரம் 1:30க்கு ஓடுது. அன்னைக்கு 1:30 ரெண்டு தடவை வரும்" என்றீர்கள்.

நாமே எழுதிய ஷெட்யூலர் அது. இரண்டு முறை 1:30 வந்தால் இரண்டு முறை ஓடும், 214 வாடிக்கையாளர்களுக்கும் இரண்டு பில் போகும். என் அரைத்தூக்கத்தில் "2:30க்கு மாத்திடலாமே" என்றேன். "அப்ப மார்ச்சில அந்த 2:30 வரவே வராது சார்" என்றீர்கள். கடிகாரம் முன்னால் போகும் நாளில் இரண்டு மணியிலிருந்து நேரே மூன்றுக்குத் தாவிவிடும். ஆகவே உள்ளூர் நேரத்தையே விட்டுவிட வேண்டும் என்று, மாற்ற வேண்டிய வரிகளைத் தயாராக வைத்திருந்தீர்கள்:

```
timezone: UTC
run_at: "10:00"
```

ஏன் அந்த நேரத்தில் எழுப்பினீர்கள் என்பதும் பிறகுதான் உறைத்தது. சியாட்டிலில் அப்போது வியாழன் மாலை 4:40. ஒப்புதல் தர வேண்டியவர் ஐந்துக்குக் கிளம்பிவிடுவார், வெள்ளிக்கிழமை எந்த மாற்றத்துக்கும் அவர்கள் சம்மதிப்பதில்லை. எனக்கு மிச்சமிருந்தது இருபது நிமிஷம். நான் பேசி வாங்கினேன், நீங்கள் மாற்றினீர்கள். ஞாயிறன்று ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் இதற்கு டிக்கெட் இல்லை, மாத அறிக்கையிலும் இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

தீபாவளி அன்று விடியற்காலை 4 முதல் 6 வரை நான் உட்கார்வதாகச் சொன்னேன். அரை மணி போதும் என்றீர்கள். 4:35க்கு உங்கள் செய்தி: "எண்ணெய் தேய்ச்சு குளிச்சாச்சு, தலை மட்டும் ஈரம். வந்துட்டேன்." அந்த ஒன்றில் மட்டும் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடுத்த முறை இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம்தான்.

இனி கணக்கு. கூடுதலாகப் பார்த்த நான்கு வாரத்துக்கும் சேர்த்து நைட் அலவன்ஸ் இந்த மாதச் சம்பளத்தில் வரும். ஆறு நாள் காம்ப்-ஆஃப் போட்டிருக்கிறேன். டிசம்பருக்குள் எடுக்க வேண்டும் என்ற விதி உங்களுக்கு இல்லை, எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிவிட்டேன். நைட் ஷிஃப்ட்டுக்குப் புது ஆள் நவம்பர் 9 இரவிலிருந்து உட்காருகிறார். முதல் வாரம் அவருக்குச் சந்தேகம் வந்தால் என்னைத்தான் எழுப்புவார், உங்களை அல்ல.

ரவுட்டருக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ். கூரியரில் அனுப்பியிருக்கிறேன். செவ்வாய்க்குள் வந்துவிடும். பகல் ஷிஃப்ட்டுக்கும் கரண்ட் போகும் ஊர்தானே அது.

அன்புடன்,
இளங்கோ
சப்போர்ட் டீம் லீட், சென்னை