கானாடுகாத்தான் வீட்டுக்குக் கரியும் பென்சிலுமாக நான்கு படங்கள்: வரைவுக் குறிப்பு

குடும்பத்தார் முன்னோரை வணங்கும் படைப்பு விழாவின் மலருக்கான படங்கள் இவை. நான்கிலும் வண்ணம் கிடையாது. தாள் லேசாகப் பழுப்பேறியது, சொரசொரப்பானது. கரி அதன் மேடுகளில் மட்டும் பிடித்து, பள்ளங்கள் வெள்ளையாகத் தெரிய வேண்டும். பென்சில் கோடுகள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியட்டும். நிழல் விரலால் தேய்த்துப் பரப்பியது. ஓரத்தில் விரல்ரேகை விழுந்தால் அப்படியே இருக்கலாம்.

முதல் படம், முற்றம். காலை வெயில். தாழ்வாரத் தரையில் அமர்ந்தவரின் கண்மட்டத்திலிருந்து பார்வை. வலப்புறம் பர்மா தேக்குத் தூண் ஒன்று மிக அருகில், மேலும் கீழும் தாளைத் தாண்டிப் போகிறது. அதன் உருட்சியைத் தழுவி வளையும் கோடுகள் 4பி பென்சிலில். நிழல் விழும் பக்கத்தில் மட்டும் குறுக்குக்கோடுகள். முற்றத்து வெயிலுக்கு எதையும் தீட்ட வேண்டாம், வெறும் தாளே வெயில். எதிர்த் தாழ்வாரத்தின் உட்புறம் மென்கரியால் இருண்டு, சுவரை நோக்கித் தேய்ந்து கரைகிறது. அந்த இருட்டில் கதவின் பித்தளைக் குமிழ்கள் மட்டும், அழிப்பானால் ஒற்றி எடுத்த ஒளிப்புள்ளிகளாக. இந்த வீட்டின் அழகு இருட்டுக்கும் வெயிலுக்கும் நடுவில் இருக்கிறது. இடைப்பட்ட சாம்பல் நிறங்களை அவசரமாகக் கடக்கக் கூடாது.

இரண்டாவது, சுவர். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி மெருகேற்றிய சுவர். நான்கிலும் கடினமானது இதுதான், ஏனென்றால் கரி இயல்பிலேயே மங்கலானது. பளபளப்பு கோட்டில் வராது, விட்டுவைத்த வெள்ளையில்தான் வரும். பக்கத்துத் தூணின் பிம்பம் சுவரில் செங்குத்தாக, மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் தேய்த்த மெல்லிய நிழலாக. அதன் விளிம்பு கூர்மையாக இருக்கக் கூடாது. சுவரின் நடுவே ஒரு மயிரிழை விரிசல், 2எச் பென்சிலில். விரிசலைச் சுற்றி நிழல் வேண்டாம்.

மூன்றாவது, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, மேலிருந்து சாய்வாக. சிவப்பு இருந்த இடத்தில் நெருக்கமான சாய்கோடுகள், மஞ்சளுக்கு இடைவெளி விட்ட கிடைக்கோடுகள், கருப்புக்கு அழுத்திய கரி. கல்லுக்குக் கல் கோட்டின் அழுத்தம் சற்றே மாறட்டும். கையால் வார்த்த கற்கள் அவை.

நான்காவது, கொட்டான் கூடை பின்னும் ஆச்சியின் கைகள். முகம் தாளுக்கு வெளியே. பனையோலைக் கீற்றுகள் கூர்மையான 2பி கோடுகளில், கைகள் தேய்த்த மென்னிழலில், புறங்கை நரம்புகள் மட்டும் கோடாக. மடியில் கண்டாங்கிச் சேலையின் கட்டங்கள் பாதி வரைந்து பாதி விட்டவை. பின்னணி வேண்டாம்.

எந்தப் படத்திலும் புகைப்படம் போன்ற வழவழப்பு, ஒரே சீரான கோடுகள், எழுத்து, கையொப்பம், அலங்காரச் சட்டம் ஆகியவை கூடாது.