நிலாவெளிக் கிணறுகளும் என் முதல் களக்குறிப்பேடும்

நிலாவெளிக் கரையோரக் கிணறுகளில் கடல்நீர் எவ்வளவு தூரம் ஊடுருவியுள்ளது என்பதை அறிவதற்காகக் கடந்த ஆவணியில் 42 கிணறுகளில், நீரில் உப்புக் கூடக் கூட உயரும் மின்கடத்துதிறனையும் pH பெறுமானத்தையும் அளந்தேன். அளவிகளை நாள்தோறும் காலையில் நியமக் கரைசல்களால் சரிபார்த்தேன். அந்த ஒன்றில் மட்டும் எனக்கு இன்றும் குறைசொல்ல இடமில்லை.

எழுமாற்றாகக் கிணறுகளைத் தெரிவுசெய்வதாக முன்மொழிவில் எழுதியிருந்தேன். வெயிலில் சைக்கிள் மிதித்தபோதோ, புல்மோட்டை வீதியில் எந்த வீட்டுப் படலை திறந்திருந்ததோ அந்த வீட்டுக் கிணறே என் மாதிரியாயிற்று. அவ்வீதி கரைக்கு ஏறக்குறைய இணையாகவே செல்வதால், என் கிணறுகளில் பெரும்பாலானவை கடலிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் அமைந்துவிட்டன. கடலிலிருந்து விலக விலக உவர்ப்பு எவ்வாறு குறைகிறது என்பதே என் கேள்வி என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நீரை எடுத்த முறையும் சீராக இருக்கவில்லை. மணற்பாங்கான அந்நிலத்தில் நன்னீர் மேலேயும் உவர்நீர் கீழேயும் நிற்கும். சில வீடுகளில் வாளியால் மேல்நீரை அள்ளினேன். சிலவற்றில் மோட்டர் அடியிலிருந்து இழுத்த நீரைக் குழாயில் பிடித்தேன். எது எந்த வகை என்று குறிக்கவில்லை. ஒரு வளவில் நான் அளந்து முடித்த பின்னர்தான் அங்கிருந்த ஆச்சி, "பிள்ளை, இது குளிக்கிற கிணறு, குடிக்கிற தண்ணி பின்வளவிலதான் அள்ளுறது" என்றார். மற்ற 41 வீடுகளிலும் அதை நானாகக் கேட்டிருக்க வேண்டும்.

பதிவில் நேர்ந்த பிழை இதைவிடச் சிறியது, ஆனால் திருத்த முடியாதது. அளவி 1999 வரை µS/cm அலகில் காட்டி, அதற்கு மேல் தானாகவே mS/cm அலகுக்கு மாறிவிடும். நான் எண்ணை மட்டும் எழுதினேன். ஒரு பக்கத்தில் 1840, அதன் கீழே 2.31. இவற்றை ஊகித்துத் திருத்திக்கொள்ள முடிந்தது. ஆனால் கடைசி நாளன்று கடற்கரைப் பக்கமாகச் சென்றபோது, உதவிக்கு வந்த மச்சாள் நான் சொல்லச் சொல்ல எழுதினாள். நிரல்களுக்குத் தலைப்பு இல்லை. நான் வாசித்த ஒழுங்கும் இடத்துக்கிடம் மாறியிருந்தது. "7.1, 7.4" என்ற வரியில் எது pH, எது கடத்துதிறன் என்பதை எங்கள் இருவராலும் சொல்ல முடியவில்லை. அவ்வாறு நான்கு கிணறுகள். கடலுக்கு மிக அருகில் இருந்தவையும் அவையே.

மார்கழியில் அந்த நான்கையும் மீண்டும் அளக்கச் சென்றேன். வாடைக்காற்று மழையில் நீர் கிணற்றுக் கட்டின் விளிம்புவரை ஏறியிருந்தது. இம்முறை அலகு, ஆழம், நேரம், நீர் எடுத்த விதம் எல்லாவற்றையும் கிணற்றடியிலேயே பென்சிலால் எழுதினேன். அந்த அளவீடுகளை மழைக்கால அட்டவணையில் தனியாகச் சேர்த்திருக்கிறேன். ஆவணி அட்டவணையில் அந்த நான்கு வரிகளும் வெறுமையாகவே உள்ளன.