சம்பள நாள்: பத்தில் ஒன்று, பத்து மணிக்குள்

(புதுச்சேரி நேரு வீதி, மாலை நேரம். பின்னால் கடை விளக்குகள்.)

வணக்கம். இன்று பலருக்குச் சம்பளம் ஏறியிருக்கும். மாதக் கடைசியில் வாய் திறக்காமல் கிடந்த கைப்பேசி இன்று காலையிலிருந்து ஓயவே இல்லை, கவனித்தீர்களா? முதலில் வங்கியிலிருந்து செய்தி. அதன் பின்னாலேயே துணிக்கடை, நகைக்கடை, டிவி தவணை, தீபாவளிக்குப் பிறகு பேசவே பேசாத மைத்துனர் என்று எல்லாருக்கும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது!

அவர்களை முந்திக்கொள்ள ஒரே ஒரு விதி போதும். பத்தில் ஒன்று, பத்து மணிக்குள். சம்பளம் ஏறிய அன்று இரவு பத்து மணிக்குள், அதில் பத்தில் ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

சேதராப்பட்டில் வேலை, சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,800 ரூபாய் தனியே போகிறது. மிச்சம் 16,200. வாடகை, மளிகை, பெட்ரோல் எல்லாம் இதற்குள்தான். 'செலவெல்லாம் போக மீந்ததைச் சேமிக்கலாம்' என்றால் எதுவும் மிஞ்சாது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்குப் போர்வை வாங்கப் போகிறோம். சுவர்க் கடிகாரத்தோடு திரும்புகிறோம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கடிகாரம், இரண்டும் வேறு வேறு நேரம் காட்டிக்கொண்டிருக்கும்!

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தானே புயல் நம் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30. இரண்டுமே மாதக் கடைசி, பர்ஸ் காலியாக இருக்கும் நேரம். வண்டி இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் மெக்கானிக் அடுத்த மாதம் 1ஆம் தேதி வரை பொறுப்பாரா? அந்த நேரத்தில்தான் வட்டிக்கு வாங்குகிறோம். பிறகு அந்த வட்டி நம் சம்பளத்தில் முதல் பங்கை எடுத்துக்கொள்கிறது.

மாதம் தவறாமல் பத்தில் ஒன்றை எடுத்து வைத்தால் பத்து மாதத்தில் ஒரு முழு மாதச் சம்பளம் சேர்ந்துவிடும். புயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் அதைத் தொடுங்கள். அதற்குமேல் சேர்வதை அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கில் போட்டு வரலாம். மாதம் 100 ரூபாயிலிருந்தே கட்டலாம்.

பத்தில் ஒன்று முடியவில்லையா? இருபதில் ஒன்று வையுங்கள், பரவாயில்லை. ஆனால் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

தனிக் கணக்கு இல்லாதவர்கள் ஆதார், பான் அட்டை, புகைப்படம், 500 ரூபாயோடு ரங்கப்பிள்ளை வீதித் தலைமை அஞ்சலகத்துக்குப் போய்ச் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். அந்தக் கணக்கைக் கைப்பேசியில் பணம் அனுப்பும் செயலியோடு இணைக்காதீர்கள். கணக்கு கைக்கு வரும்வரை, இந்த மாதப் பங்கை இன்றிரவே வீட்டம்மாவிடமோ அம்மாவிடமோ கொடுத்துவையுங்கள். அவர்களிடமிருந்து திரும்ப வாங்குவது வங்கியை விடக் கடினம்!