பொருள்: 19.11.2025 நேர்காணலுக்கு வேறு நேரம் வேண்டுதல் – சாயச்சாலை லேப் பொறுப்பாளர் பணி

திருப்பூர்,
14.11.2025

மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். லேப் பொறுப்பாளர் பணிக்கு வரும் புதன்கிழமை (19.11.2025) காலை 11 மணிக்கு நேர்காணலுக்கு அழைத்திருக்கிறீர்கள். மிக்க நன்றி. ஆனால் அதே நாள் காலை 10 முதல் 1 மணி வரை கோவை பீளமேட்டில் எனக்குப் பருவத் தேர்வு இருக்கிறது. பகுதிநேரமாகப் படிக்கும் ஜவுளி வேதியியல் பாடத்தின் தேர்வு அது. தவறினால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும், தேதியை மாற்றவும் வழியில்லை. ஹால் டிக்கெட் நகலை இணைத்திருக்கிறேன்.

அதே நாளில் முடிப்பதே தங்களுக்கு வசதி என்றால் மாலை 4 மணிக்கு வந்துவிடுவேன். பீளமேட்டிலிருந்து அவிநாசி வழியாகத் திருப்பூர் வர ஒன்றரை மணி நேரம் போதும். நெரிசலுக்கும் சேர்த்துத்தான் 4 மணி என்கிறேன். இல்லையென்றால் 20ஆம் தேதி வியாழன் முழுநாளும், 21ஆம் தேதி வெள்ளி மதியம் 2 மணிக்குப் பிறகும் வர முடியும். முதல் சுற்றை வீடியோ அழைப்பில் வைப்பதானால் செவ்வாய் மாலை 6 மணிக்கு மேல் தயார். ஆனாலும் நேரில் வரவே விரும்புகிறேன். ஷேடு மேட்ச் செய்து காட்டச் சொன்னால் லைட் பாக்ஸில் D65, TL84 இரண்டிலும் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்; கேமராவில் நிறத்தை நம்ப முடியாது.

இந்த வேலையில் எனக்குள்ள ஆர்வம் கொஞ்சமும் குறையவில்லை. லேப் டிப்புக்கும் பல்க்குக்கும் இடையே வரும் ஷேடு வித்தியாசத்தைக் குறைப்பதே முதல் பொறுப்பு என்று அறிவிப்பில் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் விண்ணப்பித்ததே அதைப் படித்துத்தான். கழிவுநீரை வெளியேற்றாமல் சுத்திகரித்துத் திரும்ப எடுக்கும் சாயச்சாலையில், பல்க் பாத்துக்கு மீட்ட உப்புக் கரைசல் போகிறது. லேப்பிலோ சுத்தமான தண்ணீரில் புது உப்பைக் கரைத்து டிப் எடுத்துவிடுகிறோம். கரைசலின் அடர்த்தி, கடினத்தன்மை, மிச்சமிருக்கும் காரம் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல இருப்பதில்லை. உப்பு குறைந்தால் ரியாக்டிவ் சாயம் துணியில் குறைவாக ஏறும். காரம் முன்கூட்டியே இருந்தால் அவசரமாகப் பிடித்துத் திட்டுத் திட்டாக நிற்கும். அன்றைய கரைசலைச் சோதித்து, அதே கரைசலில் லேப் டிப் எடுக்கும் முறையைக் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன். நேர்காணலுக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.

மற்ற விவரங்களில் மாற்றமில்லை. தேர்வானால் இப்போதைய வேலையில் 30 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சேர முடியும்.

வசதியான நேரத்தைத் திங்கள் மாலைக்குள் இந்த மின்னஞ்சலிலோ, விண்ணப்பத்தில் தந்துள்ள கைபேசி எண்ணிலோ தெரிவித்தால் உடனே உறுதி செய்கிறேன். நேர்காணல் குழுவின் நேரத்தை மாற்றக் கேட்பதற்கு வருந்துகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
ச. கவிதா

இணைப்பு: தேர்வு ஹால் டிக்கெட் நகல்