மருத்துவக் காப்பீடு: எதற்குப் பணம் வரும், எதற்கு வராது

(காணொளிக்கான பேச்சுரை. பதிவிடம்: தங்கச்சிமடம்)

வணக்கம். நான் தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு, பாம்பன், மண்டபம், இராமேசுவரம் பகுதிக் குடும்பங்களுக்குக் காப்பீட்டு முகவராகப் பணிபுரிகிறேன். நான் விளக்கப்போகும் பாலிசியை நீங்கள் என் வழியாக எடுத்தால் எனக்குக் கமிஷன் கிடைக்கும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு கேளுங்கள்.

இன்று நான் பேசப்போவது ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்ற மருத்துவக் காப்பீட்டைப் பற்றி. இது 2020 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த பொதுப் பாலிசி. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். பிரீமியம் மட்டுமே நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே நான் சொல்வதை வேறு எந்த முகவரிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பாலிசிக்குப் போகும் முன் ஒரு கேள்வி. உங்கள் குடும்பத்திடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அது உதவுகிறது. அதற்கு நீங்கள் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. தகுதி இருந்தும் அட்டை இல்லாதவர்கள், என்னிடம் வருவதற்கு முன், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுகுங்கள். அந்த வருமான வரம்பைத் தாண்டியவர்களும், பட்டியலுக்கு வெளியே உள்ள சிகிச்சைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பவர்களும் மேற்கொண்டு கேளுங்கள்.

(திரையில்: 30 நாள் – 24 மாதம் – 36 மாதம்)

பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்தே எல்லா நோய்க்கும் பணம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் 30 நாட்களில் விபத்துக் காயத்துக்கு மட்டுமே பணம் வரும். காய்ச்சல், நெஞ்சுவலி, வயிற்றுவலி என்று மருத்துவமனையில் சேர்ந்தால் வராது. கண்புரை, குடலிறக்கம், மூலம், கருப்பை நீக்கம் போன்ற, திட்டமிட்டுச் செய்துகொள்ளக்கூடிய சிகிச்சைகளுக்கு 24 மாதம் காத்திருக்க வேண்டும். வயதால் வரும் மூட்டுத் தேய்மானத்துக்கான மூட்டு மாற்று அறுவைக்குக் காத்திருப்பு அதைவிட அதிகம். வலை இழுத்து இழுத்து முழங்கால் தேய்ந்த பிறகு பாலிசி கேட்டு வருகிறவர்கள் இங்கே அதிகம் என்பதால் இதைச் சொல்கிறேன்: அந்த அறுவையை அடுத்த மாதம் செய்துகொள்ளும் எண்ணத்தில் இந்தப் பாலிசியை எடுக்க வேண்டாம்.

மூன்றாவது காத்திருப்புதான் பெரும்பாலான தகராறுகளுக்குக் காரணம். பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களில் மருத்துவர் கண்டுபிடித்த அல்லது சிகிச்சை கொடுத்த எந்த நோயும் ‘ஏற்கெனவே உள்ள நோய்’ ஆகும். சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு எல்லாம் இதில் அடங்கும். இவற்றுக்கும் இவற்றால் வரும் சிக்கல்களுக்கும் அதிகபட்சம் 36 மாதம் கழித்தே பணம் கிடைக்கும். 2024 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 48 மாதமாக இருந்தது. முகவர் ஒருவர் “சர்க்கரையை எழுத வேண்டாம், எழுதினால் பிரீமியம் ஏறும்” என்று சொன்னால், அவர் பாலிசியை விற்பதற்காகச் சொல்கிறார்; க்ளெய்ம் மறுக்கப்படும் நாளில் மருத்துவமனைக் கட்டண மேசையில் நிற்கப்போவது நீங்கள். அரசு மருத்துவமனைச் சீட்டிலோ, மண்டபத்து மருந்துக் கடையில் ஆண்டுக்கணக்காக வாங்கும் மாத்திரையிலோ அந்த நோய் பதிவாகியே இருக்கும். விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடந்துவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு காரணம் காட்டி, நோயை மறைத்தீர்கள் என்று நிறுவனம் க்ளெய்மை மறுக்க முடியாது என்ற விதி இருக்கிறது. அது நேர்மையாக எழுதியவருக்கான பாதுகாப்பு. மறைப்பதற்கான அனுமதி அல்ல.

இந்தக் காத்திருப்புகள் எல்லாம், பாலிசி இடையில் அறுபடாமல் இருந்தால்தான் கணக்கில் சேரும். ஆண்டுப் பிரீமியம் கட்டுபவருக்குக் கெடு முடிந்தபின் 30 நாள் சலுகை உண்டு. ஆனால் கட்டாமல் இருக்கும் அந்த நாட்களில் நோய் வந்தால் பாதுகாப்பு இல்லை. சலுகையும் கடந்துவிட்டால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஆகவே தடைக்காலத்தில் புதுப்பிப்புத் தேதி விழும்படி பாலிசியைத் தொடங்காதீர்கள். மீன்பாடு நன்றாக இருக்கும் மாதத்தில் தொடங்கினால், ஒவ்வோர் ஆண்டும் கடன் வாங்கிக் கட்டும் நிலை வராது.

(திரையில்: மருத்துவமனைக் கட்டணக் கணக்கு)

இனி வரம்புகள். 2 லட்சம் ரூபாய்க் குடும்பப் பாலிசி என்றால் ஆளுக்கு 2 லட்சம் அல்ல; வீட்டில் உள்ள அனைவருக்கும் சேர்த்து ஓராண்டுக்கு 2 லட்சம். ஏற்கப்படும் தொகையில் 5 சதவீதம் எப்போதும் உங்கள் பங்கு. அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிலும் நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாய் அல்லது காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு, இவற்றில் எது குறைவோ அது.

அறை வாடகை வரம்பு சிறிய விஷயமாகத் தெரியும். அது எப்படி முழுக் கட்டணத்தையும் வெட்டுகிறது என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். 2 லட்சம் பாலிசி வைத்திருப்பவருக்கு அறை வரம்பு நாளுக்கு 4,000 ரூபாய். அவர் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்குகிறார். அறைக்கு 32,000, அறுவை, மருத்துவர், செவிலியர், அறுவை அரங்கக் கட்டணம் 1,00,000, மருந்தும் பரிசோதனையும் 30,000, கையுறை, பஞ்சு போன்றவை 8,000 என்று மொத்தம் 1,70,000 ரூபாய் ஆகிறது. அறை இரு மடங்கு என்பதால், அறையோடு சேர்ந்த அறுவை, மருத்துவர் கட்டணத்திலும் பாதிதான் ஏற்கப்படும். அறைக்கு 16,000, அறுவைக்கு 50,000, மருந்து, பரிசோதனைக்கு முழு 30,000. கையுறை, பஞ்சுக்கு ஒன்றும் இல்லை. ஆக 96,000. அதில் உங்கள் 5 சதவீதமான 4,800 போக, வருவது 91,200. கையிலிருந்து கட்ட வேண்டியது 78,800 ரூபாய். அதே சிகிச்சையை 4,000 ரூபாய் அறையில் பெற்றிருந்தால், மற்ற கட்டணங்கள் மாறாதபோது, மொத்தம் 1,54,000. அதில் 1,38,700 காப்பீட்டில் வரும், கையிலிருந்து 15,300 போதும். எல்லா அறைக்கும் ஒரே மருத்துவக் கட்டணம் வாங்கும் மருத்துவமனையில் இந்த விகித வெட்டு கிடையாது. ஆகவே நோயாளியைச் சேர்க்கும் மேசையிலேயே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: “என் பாலிசிக்குள் வரும் அறை இருக்கிறதா? அறையைப் பொறுத்து மற்ற கட்டணங்கள் மாறுமா?”

வராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் செலவு, பிரசவம், மதுப்பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும், இந்தியாவுக்கு வெளியே எடுக்கும் சிகிச்சை ஆகியவற்றுக்கு இந்தப் பாலிசியில் பணம் இல்லை. எல்லை தாண்டிப் பிடிபட்டு அங்கே காயத்துக்கு வைத்தியம் பார்க்க நேர்ந்தாலும் இதே விதிதான். பொதுவாக 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்க வேண்டும். டயாலிசிஸ் போன்ற பகல்நேரச் சிகிச்சைகள் விதிவிலக்கு. கிடைப்பவையும் உண்டு: சேர்வதற்கு முந்தைய 30 நாள், வெளியேறிய பிந்தைய 60 நாள் மருந்து, பரிசோதனைச் செலவு, ஆம்புலன்சுக்கு ஒரு முறைக்கு 2,000 ரூபாய், க்ளெய்ம் இல்லாத ஆண்டுக்கு 5 சதவீதம் கூடுதல் காப்பீட்டுத் தொகை.

மருத்துவக் காப்பீடு உயிரிழப்புக்குப் பணம் தராது. அதற்கு வங்கிக் கணக்கு வழியாக இரண்டு அரசுத் திட்டங்கள் உள்ளன. 18 முதல் 70 வயது வரை, ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு. விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், ஒரு கண் அல்லது ஒரு கை அல்லது ஒரு கால் இழப்புக்கு 1 லட்சம். 18 முதல் 50 வயதுக்குள் சேர்ந்தால், ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 55 வயது வரை ஆயுள் காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், ஆனால் சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டுமே. வல்லத்தில் வலை இழுக்கும்போது ஒருவர் மாரடைப்பால் சரிந்து இறந்தால், அது கடலில் நடந்திருந்தாலும் விபத்து அல்ல. 20 ரூபாய்த் திட்டத்தில் பணம் வராது, 436 ரூபாய்த் திட்டத்தில் வரும். படகிலிருந்து தவறி விழுந்து மூழ்கினால் இரண்டிலும் வரும். இந்த வேறுபாட்டை இறப்பு வீட்டில் வைத்துச் சொல்லும் நிலை எனக்கு வந்திருக்கிறது. அதனால்தான் இப்போதே சொல்கிறேன்.

இரண்டின் காப்பீட்டு ஆண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை. பிரீமியம் மே கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும். நம் ஊரில் அது சரியாகத் தடைக்காலத்தின் நடுவே வருகிறது. கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் பாதுகாப்பு நின்றுவிடும். ஆயுள் காப்பீட்டில் மீண்டும் சேரும்போது அந்த 30 நாள் மறுபடியும் தொடங்கும். தடைக்கால நிவாரணம் வந்ததும் முழுவதையும் எடுத்துவிடாமல் 456 ரூபாயை அந்தக் கணக்கிலேயே விட்டுவையுங்கள்.

மீன்வளத் துறையில் பதிவு செய்த 18 முதல் 70 வயது வரையுள்ள மீனவர்களுக்கு, பிரீமியத்தை அரசுகளே செலுத்தும் குழு விபத்துக் காப்பீடும் உண்டு. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், விபத்து மருத்துவச் செலவுக்கு 25,000 ரூபாய். பாசி எடுக்கும் பெண்களும் கருவாட்டுத் தொழிலில் உள்ளவர்களும் தங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று மண்டபம் அல்லது இராமேசுவரம் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கடலில் மூழ்குதல், சாலை விபத்து போன்றவற்றில் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கையும், மரணமானால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் க்ளெய்ம் நகராது. துயரத்தில் பலர் பரிசோதனை வேண்டாம் என்று உடலை வாங்கிவிடுகிறார்கள். பிறகு எந்த முகவராலும் உதவ முடிவதில்லை.

பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் உங்களுக்கு அவகாசம் உண்டு. அதற்குள் படித்துப் பார்த்து, நான் சொன்னதற்கு மாறாக ஏதேனும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். க்ளெய்ம் எதுவும் செய்யாதிருந்தால், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்ப வரும். க்ளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள்; 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 155255.

என்னிடம் வருபவர்கள் வீட்டில் உள்ள அனைவரின் பழைய மருத்துவச் சீட்டுகளையும், தற்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கொண்டுவாருங்கள். விண்ணப்பத்தை உங்கள் முன்னாலேயே நிரப்பி, ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குவேன்.