பெரியப்பாவின் படத்திறப்பில் பேசியது

அனைவருக்கும் வணக்கம். பெரியம்மா, சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். அழுகை வந்தாலும் அப்படித்தான்.

பெரியப்பா கருவூலத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கருவூலம் அவரை விட்டுப் போகவில்லை. வீட்டுக் கணக்கு நோட்டில் கொத்தமல்லிக்கட்டுக்குக்கூட ஒரு வரி உண்டு. சிறுவனாக நான் அவரிடம் பத்து ரூபாய் கடன் வாங்கினேன். பல வருடங்கள் கழித்து அந்தப் பக்கத்தைப் பார்த்தால், என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் "வசூலாகாத கடன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்!

ரயில் பயணம் இன்னும் மோசம். காலையில் மதுரையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸ் என்றால், விடியுமுன்பே எங்களை நடைமேடையில் அணிவகுப்புப்போல நிறுத்திவிடுவார். ரயில் தாமதமானால் அவருக்கு ஒரே குஷி. "பார்த்தாயா, நாம் ரயிலையே முந்திவிட்டோம்" என்பார்.

போன வாரம் அந்த நோட்டுகளைப் புரட்டினோம். தங்கைக்குக் கட்டிய கல்லூரிக் கட்டணம் எதிலும் இல்லை. அப்பா படுக்கையில் கிடந்தபோது ஆன மருந்துச் செலவும் இல்லை. கொத்தமல்லியை விடாதவர் இதையெல்லாம் எப்படி விட்டார் என்று அப்பா கேட்டார். எங்களில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அவர் இல்லாத வீடு பெரியம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முறைவைத்து ஆள்மாற்றி நாங்கள் வந்துகொண்டே இருப்போம், பெரியம்மா.

அனைவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். இலையில் மிச்சம் வைக்காதீர்கள், படத்திலிருந்தும் முறைப்பார்.