இடம் மாறிய சைலமும் புளோயமும்: திருத்தும் பயிற்சித் தாள்

உயிரியல், பத்தாம் வகுப்பு, தமிழ் வழி
சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடை வட்டார மாணவர்களுக்கு
நேரம்: 45 நிமிடம். மதிப்பெண்: 25

தொடங்கும் முன் படிக்கவும்: கீழ்க்காணும் கூற்றுகள் பெரும்பாலானவற்றில் சைலத்தின் வேலை புளோயத்துக்கும், புளோயத்தின் வேலை சைலத்துக்கும் போயிருக்கிறது. சிலவற்றில் திசை மாறியிருக்கிறது, சிலவற்றில் உள்ளே ஓடும் பொருள். ஒரு கூற்று முழுக்கச் சரி. அதையும் அடித்துத் திருத்துபவருக்கு மதிப்பெண் கிடையாது. பெயரை மட்டும் மாற்றி எழுதினால் பாதி மதிப்பெண்தான். ஏன் அப்படி என்பதையும் எழுத வேண்டும். ‘சைலம் மேலே, புளோயம் கீழே’ என்று மனப்பாடம் செய்தவர்கள் நான்காம் கேள்வியில் நிதானிக்கவும்.

1. வேர் உறிஞ்சிய நீரும் தாது உப்புகளும் புளோயம் வழியாக இலைக்கு ஏறுகின்றன. இலை தயாரித்த உணவு சுக்ரோஸாகச் சைலம் வழியாக வேருக்கு இறங்குகிறது. (2)

2. கள் இறக்கும் தொழிலாளி தென்னம்பாளையைத் தட்டி, அதன் நுனியைச் சீவிப் பானையைக் கட்டுகிறார். பானையில் சொட்டுவது சைலச் சாறு. வேர் உறிஞ்சிய தண்ணீர் தண்டு வழியே ஏறி, பாளைக்குள் வந்ததும் இனிப்பாகிவிடுகிறது. (4)

3. முதலமடையில் ஒரு மாந்தோப்பு. தோப்புக்காரர் ஒரு கிளையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தார். மரக்கட்டையில் கத்தி படவில்லை. பேத்தி கேட்டாள்: “அப்பாரு, இனிமேல் இந்தக் கிளைக்குத் தண்ணீர் எப்படிப் போகும்?” அவர் சொன்னார்: “போகாது, கண்ணு. சைலம் பட்டையில்தான் இருக்கிறது. நாளைக்கே இந்த இலைகள் வாடும். ஒரு மாதம் கழித்து வந்து பார், வளையத்துக்கும் அடிமரத்துக்கும் இடையே பட்டை புடைத்திருக்கும்.”
அ) அப்பாரு சொன்னதில் உள்ள பிழைகளைத் திருத்துக. (4)
ஆ) இதே வளையத்தைத் தென்னையில் போட முடியுமா? (2)

4. மழை விழுந்ததும் சேனைக்கிழங்கு முளைக்கிறது. கிழங்கில் சேர்ந்திருந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, புளோயம் வழியாக மேல்நோக்கித் தளிருக்குப் போகிறது. (3)

5. மாமரத்தில் பற்றிய புல்லுருவிக்குப் பச்சை இலை உண்டு. எனவே தனக்கு வேண்டிய நீரை அது தானே தயாரித்துக்கொள்கிறது. உணவுக்கு மட்டும் மரத்தின் புளோயத்தை நம்பியிருக்கிறது. (3)

6. மாம்பூவில் தத்துப்பூச்சி விழுந்தால் இலைகளில் தேன்போலப் பிசுபிசுப்பு படிந்து, அதன்மேல் கரும்பூசணம் வளரும். பூச்சி சைலத்தைக் குத்தி உறிஞ்சுகிறது; சைலச் சாற்றில் சர்க்கரை மிகுதி என்பதே இதற்குக் காரணம். (3)

7. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட காற்று வீசும்போது புளோயத்தில் இழுவிசை கூடுகிறது. புளோயக் குழாய்கள் இறந்த செல்களால் ஆனவை என்பதால் அந்த இழுப்பைத் தாங்குகின்றன. சைலத்திலோ துணைச் செல்கள் ஆற்றலைச் செலவிட்டுச் சரக்கை ஏற்றுகின்றன. (4)

விடைக் குறிப்பு (திருத்தும் ஆசிரியருக்கு, பிறகு மாணவர்களிடமும் கொடுக்கலாம்)

1. இந்தக் கேள்விக்கு மட்டும் இரு பெயர்களையும் இடம் மாற்றினால் போதும். காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மையில் நிறுத்தி, பிறகு குறுக்கே வெட்டினால் சிவக்கும் பகுதி சைலம் என்று எழுதியவருக்கும் முழு மதிப்பெண்.

2. சொட்டுவது புளோயச் சாறு. இனிப்பு பாளையில் பிறப்பதில்லை. இலைகள் ஒளிச்சேர்க்கையில் உண்டாக்கிய சர்க்கரையே அது. வளரும் பூங்கொத்து சர்க்கரையைக் கேட்கும் இடம். சீவிய நுனியில் சல்லடைக் குழாய்கள் திறந்துகொள்ள, உள்ளழுத்தத்தால் சாறு வெளியே வருகிறது. அழுத்தம் என்ற சொல் விடையில் கட்டாயம் இருக்க வேண்டும். பகலில் நீராவிப்போக்கு நடக்கும்போது சைலத்தில் இருப்பது இழுவிசை. வெட்டினால் அது காற்றை உள்ளே இழுக்குமே தவிர, நீரை வெளியே தள்ளாது. ‘கள் புளிப்பது சைலத்தாலா?’ என்று யாராவது கேட்பார்கள். அது பானையில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் செய்யும் வேலை. இந்தத் தாளுக்கு வேண்டாம்.

3. அ) அதிக நேரம் செலவிட வேண்டிய கேள்வி இதுதான். மாமரம் இருவித்திலைத் தாவரம். அதில் கேம்பியத்துக்கு வெளியே, பட்டையோடு ஒட்டி இருப்பது புளோயம். சைலம் உள்ளே மரக்கட்டையாக இருக்கிறது. பட்டையை உரித்தபோது அறுந்தது புளோயம் மட்டும். ஆகவே கிளைக்கு நீர் போய்க்கொண்டே இருக்கும். இலைகள் மறுநாள் வாடா. கிளையின் இலைகள் தயாரித்த சர்க்கரை அடிமரத்துக்கு இறங்க வழியில்லாமல் வளையத்துக்கு மேற்புறம், அதாவது இலைகள் உள்ள பக்கம், தேங்கும். புடைப்பு அங்கேதான் வரும். 17ஆம் நூற்றாண்டில் மார்செல்லோ மால்பிகி பட்டையை வளையமாக நீக்கிக் கண்டதும் இதையே.

கிளைக்குப் பதிலாக அடிமரத்தையே சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும். ஆனால் தண்ணீர் இல்லாமல் அல்ல. வேருக்கு உணவு வராததால் முதலில் வேர் சாகிறது. வேர் செத்த பிறகே இலைக்கு நீர் நிற்கிறது. இந்த வரிசையைச் சரியாக எழுதிய மாணவருக்குக் கூடுதலாக ஒரு மதிப்பெண் கொடுக்க எனக்குச் சம்மதம், மொத்தம் 26 ஆனாலும் சரி.

ஆ) முடியாது. தென்னை ஒருவித்திலைத் தாவரம். சைலமும் புளோயமும் சேர்ந்த கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் கேம்பியமும் இல்லை. புளோயத்தை மட்டும் தனியே உரித்தெடுக்கும்படி ஒரு வளையம் அங்கே கிடையாது.

4. சரியான கூற்று இதுவே. புளோயத்தின் திசையை மேல், கீழ் என்று சொல்வதைவிட, சர்க்கரை மிகுந்த இடத்திலிருந்து தேவைப்படும் இடத்துக்கு என்று சொல்வதே பொருந்தும். முளைக்கும் கிழங்கு கொடுக்கும் இடம், தளிர் வாங்கும் இடம். இலைகள் விரிந்து சில வாரங்கள் கழிந்தால் அதே தாவரத்தில் ஓட்டம் எதிர்த்திசையில் திரும்பும். 1930இல் எர்ன்ஸ்ட் மன்ச் முன்வைத்த அழுத்த ஓட்டக் கோட்பாடு இரண்டுக்கும் பொருந்துகிறது. ‘புளோயம் கீழே’ என்று நான் கரும்பலகையில் அம்புக்குறி போடாததன் காரணம் இதுதான்.

5. தலைகீழாக எழுத வேண்டும். பச்சை இலை இருப்பதால் புல்லுருவி உணவைத் தானே தயாரிக்கிறது. நீரையும் தாது உப்பையும் மரத்தின் சைலத்திலிருந்து எடுக்கிறது. மறையூரில் நிற்கும் சந்தன மரமும் அரை ஒட்டுண்ணிதான். அது பக்கத்துச் செடிகளின் வேரைப் பற்றுகிறது.

6. பூச்சி குத்துவது புளோயத்தை. சைலச் சாற்றில் பெரும்பகுதி நீர். சர்க்கரை மிகக் குறைவு. தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையைப் பூச்சி கழிவாக விடுகிறது. பூசணம் வளர்வது அதில்.

7. மூன்று வாக்கியங்களிலும் பெயர் மாற வேண்டும். காற்று நீராவிப்போக்கைக் கூட்ட, சைலத்தில் இழுவிசை கூடுகிறது. முதிர்ந்த சைலக் குழாய்களும் டிரக்கீடுகளும் உயிரற்றவை; லிக்னின் படிந்த சுவர்களால் நசுங்காமல் நிற்கின்றன. புளோயத்தில் சல்லடைக் குழாய்களுக்கு உயிர் உண்டு, உட்கரு இல்லை. பக்கத்தில் உள்ள துணைச் செல்கள் ஏ.டி.பி. செலவிட்டுச் சர்க்கரையை ஏற்றித் தருகின்றன. காற்று அளவுக்கு மீறினால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், இழுப்பும் தளரும் என்று சேர்த்து எழுதியிருந்தால், லிக்னினை மறந்தவருக்கும் நான்கு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.